பத்து ரூபாய்க்குள் என்ன வைப்பது?

புது சோப்பு ஒன்று தயார். 100 கிராம் கட்டி, விலை 80 ரூபாய். பேர் கேள்விப்படாத சோப்புக்கு முதல் தடவையே 80 ரூபாய் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் சின்னதாக ஒரு கட்டி போடலாம், வாங்கிப் பார்க்கட்டும் என்று முடிவாகிறது. உறை அச்சடிக்கிறவர் கேட்கிறார்: எம்.ஆர்.பி. எவ்வளவு போடணும்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான சிறுதொழில்காரர்கள் சொல்லும் பதில் ஐந்து அல்லது பத்து. அது யோசித்துச் சொன்ன பதில் அல்ல, கடையில் தொங்குகிற மற்ற பாக்கெட்டுகளைப் பார்த்துச் சொன்னது. பிறகு ஆறு மாதம் கழித்து, சின்னக் கட்டி நன்றாக ஓடுகிறது, பெரிய கட்டி அப்படியே நிற்கிறது, கையில் காசு இல்லை என்ற நிலைக்கு வருகிறார்கள். சோப்பில் குறை இருக்காது. விலை போட்ட விதத்தில் இருக்கும்.

அறிமுக பாக்கெட் எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் ஒரு தடவை இழக்கத் துணியும் பணத்தைக் குறைப்பதற்காகத்தான் அது. பொருளின் விலையைக் குறைப்பதற்காக அல்ல. இரண்டும் ஒன்று போலத் தெரியும். 80 ரூபாய் சோப்பை அறிமுகச் சலுகையாக 50 ரூபாய்க்குக் கொடுப்பது விலையைக் குறைப்பது. அதே சோப்பில் கால் பங்கை 20 ரூபாய்க்குக் கொடுத்தால் கிராமுக்கு விலை மாறவில்லை, வாங்குகிறவரின் துணிச்சலுக்கான தொகை மட்டும் குறைந்திருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. 1969-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு தொடர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் கிளைக் கடைகளை, விற்பனையில் ஒத்துப்போகும் ஜோடிகளாகப் பிரித்தார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து, பற்பசை, பிஸ்கட் போன்ற பொருள்களை ஜோடியில் ஒரு கடையில் குறைந்த அறிமுக விலைக்கும், மற்றதில் வழக்கமான விலைக்கும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கடையிலும் விலை ஒன்றாக்கப்பட்டது. சலுகை நடந்தபோது மலிவாக விற்ற கடையில் அதிகம் போனது. விலை ஏறிய பிறகு நிலைமை திரும்பிவிட்டது: முதலிலிருந்தே முழு விலைக்கு விற்ற கடைகளில்தான் விற்பனை கூடுதலாக இருந்தது. முதலில் கொடுத்த விலைதான் அந்தப் பொருளின் சரியான விலை என்று வாங்கியவர்கள் மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்லும் விலை எல்லாம் ஏற்றிய விலையாகத் தெரிந்தது.

சின்ன பாக்கெட் இந்தச் சிக்கலிலிருந்து காப்பாற்றும். ஆனால் கிராமுக்கு விலை சரியாக இருந்தால் மட்டும். சின்னதைக் கிராமுக்கு மலிவாகக் கொடுத்தால், வேறு பெயரில் அதே அறிமுகச் சலுகையைத்தான் கொடுக்கிறோம். சலுகைக்காவது கடைசித் தேதி உண்டு. சரமாகத் தொங்கும் பாக்கெட்டுக்கு அதுவும் கிடையாது.

நம் ஊரில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஷாம்பூ சாட்சி. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து விற்றதும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியாக வந்து சிக் ஷாம்பூவைத் தொடங்கியதும் தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் பலருக்கும் தெரிந்த கதை. பாட்டில் வாங்க முடியாதவர்களிடம் ஷாம்பூவைக் கொண்டுசேர்த்தது அந்த உறைதான். பெரிய நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. சின்ன உறை பாட்டிலுக்கான முன்னோட்டமாக நிற்கவில்லை, அதுவே சந்தையாகிவிட்டது. இன்றும் பல ஷாம்பூக்களில் பாட்டிலை விடச் சின்ன உறையில் மில்லிக்கு விலை குறைவு. கணக்குப் பார்க்கும் குடும்பத்தலைவி சரமாக வாங்கிப் போவதற்கு இதுவே காரணம். சிக் நிறுவனத்துக்கு அது சரிப்பட்டது, ஏனென்றால் அவர்கள் விற்க நினைத்ததே அந்தச் சின்ன உறையைத்தான். 100 கிராம் கட்டியை விற்று வாழ வேண்டிய சோப்புக்காரருக்கு அது சரிப்படாது.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு தொழிலகம், தேங்காய் எண்ணெய் சோப்பு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், காரம், மணம் எல்லாம் சேர்ந்து, காய்ந்து குறையும் ஈரத்துக்கும் வெட்டும்போது உதிரும் தூளுக்கும் கொஞ்சம் சேர்த்து, கிராமுக்கு 30 காசு அடக்கம். 100 கிராமுக்கு 30 ரூபாய். அட்டைப்பெட்டி 5 ரூபாய், வெட்டுவது, சுற்றுவது, ஏற்றுவது எல்லாம் 4 ரூபாய். ஆக அடக்கம் 39.

எம்.ஆர்.பி. 80 ரூபாயில் கடைக்காரர் மார்ஜின் 20 சதவீதம், அதாவது 16 ரூபாய். புது பிராண்டுக்கு இதற்குக் குறைந்து யாரும் வைக்கமாட்டார்கள். ஏஜென்சிக்கு 8 சதவீதம், 6 ரூபாய் 40 காசு. 2025 செப்டம்பரிலிருந்து குளியல் சோப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், எம்.ஆர்.பி.க்குள்ளேயே அடங்கிய அது ஏறக்குறைய 3 ரூபாய் 80 காசு. எல்லாம் போக உற்பத்தியாளர் கைக்கு வருவது 53.80. அடக்கம் போக மிச்சம் 14 ரூபாய் 80 காசு. வாடகை, கடன் வட்டி, வீட்டுச் செலவு எல்லாம் இதிலிருந்துதான்.

இப்போது சின்னக் கட்டிக்கு வருவோம். 25 கிராம் என்றால் சோப்புக்கு 7.50. கால் பங்கு சோப்பு, கால் பங்கு செலவு என்று நினைக்கிற இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. சுற்றும் கைக்குப் பெரிய கட்டியும் சின்னக் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே வேலை. பெட்டியை விட்டுவிட்டு வெறும் உறை போட்டாலும் உறைக்கு 2 ரூபாய், கூலிக்கு 1.75, ஏற்றி இறக்க 25 காசு, மொத்தம் 4 ரூபாய். கட்டியை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த 4 ரூபாய் குறையாது. 25 கிராம் கட்டியின் அடக்கம் 11.50.

இதை 10 ரூபாய்க்கு விற்றால்? கடைக்கு 2 ரூபாய், ஏஜென்சிக்கு 80 காசு, வரி 48 காசு போக, கைக்கு வருவது 6.72. ஒவ்வொரு கட்டிக்கும் 4 ரூபாய் 78 காசு நஷ்டம். நஷ்டம் என்றாலே தப்பு என்று சொல்லவில்லை, புதிதாக ஒருவரைப் பிடிக்க ஆகும் செலவு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செலவு திரும்பி வர, மூன்று பேர் வாங்கினால் அதில் ஒருவர் கட்டாயம் வந்து 80 ரூபாய் சோப்பை வாங்கியாக வேண்டும். புது சோப்புக்கு மூன்றில் ஒருவர் திரும்பி வருவார் என்று நம்பி முதல் போடுவதற்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அதை விடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 25 கிராம் 10 ரூபாய் என்றால் நான்கு கட்டி 40 ரூபாய், 100 கிராம். அதே சோப்பு பெரிதாக 80 ரூபாய். சோப்பு பிடித்துப்போனவர், அதாவது நமக்கு மிக வேண்டியவர், அடுத்த முறை எதை வாங்குவார்? நான்கு சின்னக் கட்டியை வாங்குவார், அது அவர் உரிமை. பெரிய கட்டியில் வர வேண்டிய 14.80 போய், சின்னக் கட்டி நான்கிலும் சேர்ந்து 19.12 நஷ்டம். ஒரே ஆளால் 34 ரூபாய் வித்தியாசம். சோப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கையைக் கடிக்கும் விலை இது.

எடையைக் குறைத்துப் பார்க்கலாம். 10 ரூபாய்க்கு 15 கிராம். அடக்கம் 8.50, கைக்கு வருவது அதே 6.72, நஷ்டம் 1.78 மட்டும். எட்டுப் பேரில் ஒருவர் ஒரு பெரிய சோப்பு வாங்கினாலே நேராகிவிடும். நல்ல மாற்றம். ஆனால் இரண்டு சங்கடம் பாக்கி. கிராமுக்கு 67 காசு ஆகிறது, பெரிய கட்டியில் 80 காசு. இன்னும் சின்னதுதான் மலிவு. இன்னொன்று, 15 கிராமில் சோப்பைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்பது.

100 கிராம் கட்டி ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 25 நாள் வரும், நாளைக்கு 4 கிராம். 15 கிராம் நான்கு நாளைக்குள் தீரும். கடைசி சில கிராம் வழுக்கி உடைந்து போவதைக் கழித்தால் மூன்று நாள்தான் சரியாகத் தேய்க்க முடியும். சோப்பின் மணமும் நுரையும் முதல் குளியலிலேயே தெரிந்துவிடும். தோல் வறள்கிறதா, அரிக்கிறதா என்பது நான்கைந்து நாளில்தான் தெரியும். மணத்தை நம்பி விற்கும் சோப்புக்கு 15 கிராம் போதும். தோலுக்கு மென்மை என்று சொல்லி விற்கும் சோப்பை அந்த மென்மை தெரிவதற்கு முன்பே தீர்ந்துவிடும் அளவில் கொடுத்தால், கொடுத்த காசு வீண். வீட்டில் நான்கு பேரும் ஒரே கட்டியைத் தேய்த்தால் ஒரே நாளில் கதை முடிந்தது. அதனால் உறையிலேயே ‘ஒருவருக்கு ஐந்து நாள்’ என்று போடுவது விற்பனைத் தந்திரம் இல்லை, உபயோகமான தகவல்.

ஐந்து நாள் என்றால் 20 கிராம். அதை 20 ரூபாய்க்கு வைத்தால்? அடக்கம் 10 ரூபாய். கடைக்கு 4, ஏஜென்சிக்கு 1.60, வரி 95 காசு போக 13.45 வரும். கட்டிக்கு 3 ரூபாய் 45 காசு மிச்சம். கிராமுக்கு ஒரு ரூபாய், பெரிய கட்டியை விட அதிகம். பிடித்தவர் கணக்குப் பார்த்தால் பெரியதற்குத்தான் போவார். இப்போதெல்லாம் பாக்கெட் மேல் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. சின்னக் கட்டியில் 1 ரூபாய், பெரிய கட்டியில் 80 காசு என்று இரண்டும் அருகருகே இருந்தால், அந்த எழுத்தே வாடிக்கையாளரைப் பெரிய கட்டிக்கு அனுப்பும். தலைகீழாக இருந்தால் அதே எழுத்து நமக்கு எதிராக வேலை செய்யும்.

20 ரூபாய் கொடுத்து யார் சோதித்துப் பார்ப்பார் என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு நான் கண்ட நல்ல வழி, சலுகையைச் சின்னக் கட்டியில் வைக்காமல் அடுத்த வாங்கலில் வைப்பது. காலி உறையைக் கொண்டுவந்தால் பெரிய சோப்பில் 10 ரூபாய் தள்ளுபடி. சோப்பு பிடித்தவருக்குச் சோதனைச் செலவு 10 ரூபாய்தான் ஆகிறது. பிடிக்காதவருக்கு நாம் தள்ளுபடி கொடுப்பதில்லை. சிக் ஷாம்பூவும் ஆரம்பத்தில் ஐந்து காலி உறைக்கு ஒரு ஷாம்பூ உறை இலவசம் என்று ஒரு திட்டம் நடத்தியது. அதன் சாரமும் இதுதான்: திரும்பி வருகிறவருக்கே பரிசு.

உறையைத் திரும்ப வாங்கும் கடைக்காரருக்கு 10 ரூபாயோடு அவருடைய சிரமத்துக்கு 1 ரூபாய் சேர்த்து நாம் கொடுத்துவிட வேண்டும், அதுவும் அடுத்த சப்ளையின்போதே கழித்துக்கொடுக்க வேண்டும். இதில் இழுத்தடித்தால் கடைக்காரர் உறையை வாங்கமாட்டார், வாடிக்கையாளர் நம்மைத்தான் ஏமாற்றுக்காரர் என்பார். ஆக, முதல் பெரிய சோப்பில் நம் மிச்சம் 14.80-லிருந்து 3.80 ஆகக் குறையும். இரண்டாவது சோப்பிலிருந்து முழு 14.80.

இரண்டு திட்டத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். 10 ரூபாய்க்கு 15 கிராம் என்றால் 1,000 கட்டி போகிறது, 20 ரூபாய்க்கு 20 கிராம் என்றால் அதில் பாதி, 500 கட்டிதான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்தில் ஒருவர் திரும்பி வருகிறார். முதல் திட்டத்தில் 1,780 ரூபாய் நஷ்டத்தில் தொடங்குகிறோம், 100 வாடிக்கையாளர் கிடைக்கிறார்கள். அவர்கள் ஆளுக்கு மூன்று சோப்பு வாங்கினால் 4,440 வந்து, நஷ்டம் போக 2,660 நிற்கும். இரண்டாவது திட்டத்தில் சின்னக் கட்டியிலேயே 1,725 லாபம், 50 வாடிக்கையாளர். தள்ளுபடி போக அவர்களின் மூன்று சோப்பில் 1,670. மொத்தம் 3,395. பாதி ஆட்களை வைத்துக்கொண்டு கூடுதல் பணம்.

ஆனால் கணக்கை இங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான். நான்காவது சோப்பையும் சேர்த்தால் முதல் திட்டம் 4,140-க்கு வருகிறது, இரண்டாவது 4,135. இரண்டும் சமம். ஐந்தாவது சோப்பிலிருந்து 10 ரூபாய் திட்டம் முந்துகிறது, அதற்குப் பிறகு ஒவ்வொரு சோப்புக்கும் இரண்டு மடங்கு வேகத்தில் சம்பாதிக்கிறது, ஏனென்றால் அதனிடம் இரண்டு மடங்கு ஆட்கள் இருக்கிறார்கள். தனி ஒருவர் மாதம் ஒரு சோப்பு தேய்ப்பார் என்றால் இது நான்கு மாதக் கதை. கடன் வாங்காமல், நான்கு மாதம் கையைப் பிசையாமல் இருக்க முடிகிறவர், சின்னக் கட்டியே வாடிக்கையாகிவிடாமல் தடுக்கவும் முடிந்தால், 10 ரூபாய்க்குப் போகலாம். வட்டிக்குப் பணம் வாங்கி எண்ணெய் எடுக்கிறவர் 20 ரூபாயில் இருப்பதே நல்லது. பெரிய நிறுவனங்கள் ஏன் நஷ்டத்துக்கு அறிமுக பாக்கெட் கொடுக்கின்றன என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது: அவர்களால் ஐந்தாவது சோப்பு வரைக்கும் காத்திருக்க முடியும். அவர்கள் விலையை அப்படியே நகல் எடுக்கும் சின்னத் தொழிலகம் மூன்றாவது சோப்புக்கு முன்பே மூச்சு முட்டிப்போகும்.

இதற்கு இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இலவசத்தை எல்லோரும் வாங்குவார்கள், தேவை இருக்கிறவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. 10 ரூபாயாவது எடுத்துக் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்துத் தேய்த்துப் பார்ப்பார். வரிக் கணக்கிலும் ஒரு நுணுக்கம்: இலவச மாதிரியாகக் கொடுத்த பொருளுக்கான மூலப்பொருளில் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. விலை போட்டு விற்றால் முடியும்.

விலை ஏன் எப்போதும் 5, 10, 20 என்றே இருக்க வேண்டும்? பெட்டிக்கடையில் சில்லறை கொடுக்க முடியாது என்பதுதான் காரணம். 2025 செப்டம்பரில் வரி குறைந்தபோது, 5 ரூபாய் பிஸ்கட் நான்கரை ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றதையும் அந்தச் சில்லறையை யாராலும் எண்ணிக் கொடுக்க முடியாததையும் எல்லோரும் பார்த்தோம். நாணயத்துக்கும் நோட்டுக்கும் பொருந்தாத விலை கடைக்காரரை எரிச்சலாக்கும், மீதிக்கு மிட்டாய் கொடுக்க வைக்கும். அதனால் நம் ஊரில் அறிமுக பாக்கெட்டின் விலையை முடிவு செய்வது என்றால் உண்மையில் அதற்குள் எத்தனை கிராம் என்று முடிவு செய்வதுதான். 15 ரூபாய் கூட இடைப்பட்ட விலை, 5 ரூபாய் நாணயம் கையில் இல்லாதபோது தடுமாறும்.

தீனிப் பண்டத்தில் இதே கேள்வி வேறு மாதிரி வருகிறது. கம்பு முறுக்கோ சோளப்பொரியோ, ஒரு வாய் போட்டதும் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். சோதனைக்கு நாள் கணக்கு தேவையில்லை, 15 முதல் 20 கிராம் போதும். ஆனால் சோப்பில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: ஒருவர் ஒரு நேரம் தின்னும் அளவும் அதுவேதான். சோப்பில் சின்னக் கட்டியைச் சோதனை முடிந்ததும் நிறுத்திவிடலாம். முறுக்கில் 10 ரூபாய் பாக்கெட்டை நிறுத்த முடியாது, பள்ளிக்கூட வாசலிலும் பேருந்து நிலையத்திலும் அது என்றென்றைக்கும் விற்கும். ஆகவே தீனியில் அறிமுக பாக்கெட்டை நஷ்டத்தில் விலை போடவே கூடாது என்பது என் முடிவு. 20 கிராம் முறுக்குக்கு மாவும் எண்ணெயும் 4 ரூபாய், உறையும் அடைப்புக் கூலியும் 1.30 என்றால் அடக்கம் 5.30. 10 ரூபாயில் கடைக்கு 2.50, ஏஜென்சிக்கு 1 ரூபாய், வரி 48 காசு போனால் 6.02 வரும். 72 காசு மிச்சம். மெல்லியதுதான், ஆனால் காலத்துக்கும் நிற்கும்.

அந்த 72 காசை அரிப்பது பாமாயில் விலையும் திரும்பி வரும் பாக்கெட்டும். நூறு பாக்கெட்டில் பத்து நமத்துப்போய் ரிட்டர்ன் வந்தால் 53 ரூபாய் அடக்கம் போச்சு, மீதித் தொண்ணூறில் வரும் மிச்சம் 65 ரூபாய்தான். ரிட்டர்ன் எவ்வளவு வரும் என்று எண்ணாமல் தீனிக்கு விலை போடவே முடியாது. எண்ணெய் விலை ஏறும்போது 10 ரூபாய் 11 ஆகாது, 20 கிராம் 18 ஆகும். அப்படிக் குறைக்க இடம் வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே கொஞ்சம் தாராளமான எடையில் ஆரம்பிக்க வேண்டும். முதல் நாளே அடிமட்டத்தில் நிறுத்திவிட்டால் அடுத்த விலையேற்றத்தில் குறைக்க எதுவும் இருக்காது, உறை மட்டும் பெரிதாகத் தெரியும்.

சோப்புக்குத் திரும்பினால், போட்ட விலை சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சின்னக் கட்டி எத்தனை விற்றது என்ற எண்ணிக்கை அதிகம் சொல்லாது. மலிவாக எதை வைத்தாலும் விற்கும். பார்க்க வேண்டியது பெரிய கட்டியின் விற்பனை. ஒரே மாதிரிக் கூட்டம் வரும் கடைகளாக ஆறேழு எடுத்து, பாதியில் 10 ரூபாய்க் கட்டியும் பாதியில் 20 ரூபாய்க் கட்டியும் வைக்கலாம். ஒரே கடையில் இரண்டையும் வைத்தால் பயனில்லை, ஒன்று மற்றதைத் தின்றுவிடும். உறையின் உள்பக்கம் கடைக்கு ஒரு குறி அச்சிட்டால், திரும்பி வரும் உறை எந்தக் கடையிலிருந்து போனது என்று தெரியும்.

பொறுமை வேண்டும். சின்னக் கட்டி ஐந்து நாளில் தீர்ந்தாலும் அடுத்த நாளே யாரும் பெரியது வாங்கமாட்டார்கள், வீட்டில் பழைய சோப்பு இருக்கும். நம் வீடுகளில் மளிகைச் சாமான் பட்டியல் மாதத் தொடக்கத்தில் எழுதப்படுகிறது. அதனால் அறிமுகக் கட்டியை மாதத்தின் மூன்றாவது வாரத்தில் கடைக்குக் கொடுப்பது நல்லது, தேய்த்துப் பார்த்த நினைவு மங்குவதற்குள் பட்டியல் எழுதும் நாள் வந்துவிடும். முடிவைப் பார்க்க இரண்டு மாதத் தொடக்கங்களாவது கடக்கட்டும்.

பெரிய கட்டியின் விற்பனை சின்னது வருவதற்கு முன் இருந்ததை விடக் குறைந்தால், விலை தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். சின்னது பெரியதைத் தின்கிறது. சின்னது மளமளவென்று போய், பெரியது அசையாமல் அப்படியே இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: சோப்பு பிடிக்கவில்லை, அல்லது பிடித்தவர்கள் சின்னதையே தொடர்ந்து வாங்குகிறார்கள். இதைக் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வந்த முகமே திரும்ப வந்து நாலைந்தாக வாங்கிப் போகிறதா, இல்லை புது முகமாக வந்து ஒன்று வாங்குகிறதா என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. பழைய முகம் சின்னதையே வாங்கினால் எடையைக் குறைக்க வேண்டும் அல்லது விலையை ஏற்ற வேண்டும். புது முகங்கள் வந்தும் பெரியதற்குப் போகவில்லை என்றால் விலையைத் தொட்டுப் பயனில்லை, சோப்பைப் பார்க்க வேண்டும்.

எடையில் இன்னொரு கவனம். சின்னக் கட்டியில் காற்றுப் படும் பரப்பு எடையை ஒப்பிட அதிகம், அதனால் பெரியதை விட வேகமாகக் காய்ந்து எடை இழக்கும். சோப்பில் எடையைப் பேக் செய்தபோது இருந்த எடை என்று குறிக்க விதி இடம் தருகிறது. இருந்தாலும் 20 கிராம் என்று போட்டதை நிறுத்துப் பார்ப்பவர் கையில் 17 இருந்தால் விதியைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. நன்றாக ஆறவைத்து, 21 கிராமுக்குமேல் இருக்கும்படி வெட்டிச் சுற்றுவது நல்லது. கூடுதல் ஒரு கிராம் 30 காசு, அதையும் அடக்கத்தில் சேர்த்தே விலை போட வேண்டும்.

கடைசியாக, எத்தனை அடிப்பது. உறை அச்சகத்தில் 10,000-க்குப் போனால் ஒரு உறை மலிவாகும், அதனால் அவ்வளவும் அடித்து அவ்வளவும் சோப்பாக்கி அனுப்பத் தோன்றும். அறிமுகக் கட்டிக்கு முன்கூட்டியே ஓர் எண்ணிக்கை முடிவு செய்து, ‘அறிமுகப் பதிப்பு’ என்று உறையில் போட்டு, அந்த எண்ணிக்கை தீர்ந்ததும் அந்தக் கடைகளில் நிறுத்திவிட வேண்டும். கடைக்காரர் இன்னும் கொடுங்கள் என்று கேட்பார், ஏஜென்சி வற்புறுத்தும், ஓடுகிற சரக்கை யார் நிறுத்துவார்கள் என்பார்கள். அப்போது அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 100 கிராம் கட்டி. மிச்சமான உறைகளை, இதுவரை அந்தச் சோப்பு போகாத அடுத்த ஊருக்கு வைத்துக்கொள்ளலாம்.